விரல் பழசாகட்டும், எழுத்து புதுசாகட்டும்

ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கிற தம்பி தங்கச்சிகளிடம் "சும்மா இருக்காம தமிழ் டைப்பிங் பழகு" என்று சொல்லாத வாப்பா உம்மா எங்கள் பக்கம் குறைவு. நற்பிட்டிமுனையில் இருந்து கல்முனைக்குப் போனால் கொமியூனிகேஷன், பிரின்டிங் கடை, சட்டத்தரணி காரியாலயம் என்று தமிழ் டைப்பிங் தெரிந்த ஆளுக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது. பழகப் போகிற பிள்ளைக்குத்தான் முதல் நாளே குழப்பம். போனில் `amma` என்று அடித்தால் அம்மா வருகிறதே, அந்த மாதிரி சத்தத்தை வைத்து அடிக்கிற முறை போதாதா? அல்லது காக்காமார் சொல்லுகிற மாதிரி `asdf`இல் யளனக என்று தொடங்கும் பழைய டைப்ரைட்டர் ஒழுங்கைத்தான் பாடமாக்க வேணுமா?

எங்கள் பதிலை முதலே சொல்லிவிடுகிறோம். தொழிலாக டைப் பண்ணப் போகிறவர், அல்லது பக்கக்கணக்கில் தமிழ் எழுதப் போகிறவர், பழைய ஒழுங்கைப் பழகட்டும். ஆனால் அதைப் பாமினி எழுத்துருவில் பழக வேண்டாம். யூனிகோடில் பழகட்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பல வகுப்புகளில் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சத்த முறையின் பக்கம் நிற்பவர்கள் முதலில் சொல்வது வேகத்தை. அதை எண்ணியே பார்ப்போம். எங்கள் ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரி பாமினி விசைகள், இரண்டாவது வரி அஞ்சல் விதிப்படி ஓடும் சத்த முறை:

```
ew;gpl;bKid
naRpittimunai
```

முதலாவதில் 11 தட்டு, இரண்டாவதில் 13. இரண்டிலும் ஒரு தடவை ஷிப்ட். 'பள்ளி' என்ற சொல்லுக்கு இரண்டிலும் ஐந்தைந்துதான். 'மணமகன்' என்றால் பழைய ஒழுங்கில் ஆறு, சத்த முறையில் ஒன்பது. அகரம் ஏறிய எழுத்துக்குப் பழைய ஒழுங்கில் ஒரு விசை போதும். சத்த முறையில் ஒவ்வொரு தடவையும் `a` அடிக்க வேணும். ஆனாலும் இந்த வித்தியாசம் ஒருவரை வேகமானவராகவோ மெதுவானவராகவோ ஆக்கப் போவதில்லை. எண்ணிக்கையை வைத்து இந்தச் சண்டையைத் தீர்க்க ஏலாது.

உண்மையான வித்தியாசம் கண்ணில் இருக்கிறது. டைப்பிங் வேலை என்பது பெரும்பாலும் மற்றவர் கையால் எழுதித் தந்ததைப் பார்த்து அடிப்பது. கண் தாளில் இருக்க வேணும், கை தன்பாட்டில் ஓட வேணும். போனிலும் கூகுளிலும் நாங்கள் பழகிய சத்த முறை ஊகித்துச் சொல் தருகிற முறை. `palli` என்று அடித்தால் பல்லி, பள்ளி இரண்டும் வரிசையில் வந்து நிற்கும். எது முன்னுக்கு நிற்கும் என்பது நம் கையில் இல்லை. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கண் திரைக்குப் போய்த் திரும்ப வேணும். போகாவிட்டால் பள்ளி நிர்வாகத்தின் அறிவித்தல் பல்லி நிர்வாகத்தின் அறிவித்தலாகப் போய்ச் சுவரில் ஒட்டப்படும். ஒரு மெசேஜில் இது பகிடி. இருநூறு கல்யாண கார்ட் அடித்த பிறகு 'திருமனம்' என்று கண்ணில் பட்டால் அது காசு.

ஊகிக்காமல் விதிப்படி மட்டும் ஓடுகிற சத்த முறையும் உண்டு. அஞ்சல் அப்படிப்பட்டது. அதில் `l` என்றால் ல், `L` என்றால் ள், `z` என்றால் ழ். `r` என்றால் ர், `R` என்றால் ற். ஒரே விசைக்கு எப்போதும் ஒரே விளைவு, கண் தாளிலேயே இருக்கலாம். இது நேர்மையான முறை, குறை சொல்ல ஏலாது. ஆனால் இதைப் 'பழகத் தேவையில்லாத' முறை என்று சொல்வதுதான் பிழை. எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் `Natpiddimunai` என்றுதான் எழுதுகிறோம். வாயிலும் 'ற்' கிட்டத்தட்ட 'ட்' மாதிரித்தான் கேட்கிறது. அந்தப் பழக்கத்திலேயே `natpittimunai` என்று அடித்தால் வருவது 'நட்பிட்டிமுனை'. 'வெற்றி'க்கு `vetri` என்று எழுதிப் பழகிய கைக்கு `veRRi` என்று அடிக்கச் சொல்லிக் கொடுக்கத்தான் வேணும். அதாவது தமிழ் எழுத்துக் கூட்டல் தெரிந்திருக்க வேணும், அதற்கு மேலே ஆங்கில எழுத்தில் இன்னொரு எழுத்துக் கூட்டலும் தெரிந்திருக்க வேணும். இடையில் நிற்கிற அந்த இரண்டாவது எழுத்துக் கூட்டல் தமிழில் எழுதுகிறவருக்கு வேறெதற்கும் உதவாது. பழைய ஒழுங்கில் இந்த இடைப்படி இல்லை. `w` விசையில் ற இருக்கிறது, `l` விசையில் ட இருக்கிறது. 'ற' என்று மனசில் வந்தால் விரல் நேரே அங்கே போகிறது.

"சரி, ஆனா பழைய ஒழுங்கு எந்தத் தர்க்கமும் இல்லாம விசிறி விட்ட மாதிரியெல்லோ கிடக்கு?" என்று கேட்பீர்கள். அப்படித் தெரிவதற்குக் காரணம் அது இரும்பு இயந்திரத்துக்காகச் செய்யப்பட்டது. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கியவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா. அவருக்கு முன்னால் இருந்த சிக்கல், ஆங்கிலத்துக்குச் செய்த இயந்திரத்தில் இருக்கிற கொஞ்ச விசைகளுக்குள் தமிழின் 247 எழுத்துகளையும் எப்படி அடைப்பது என்பது. அதற்கு அவர் கண்ட வழிகளில் ஒன்று நகரா விசை. அந்த விசையைத் தட்டினால் குறி தாளில் பதியும், ஆனால் தாள் நகராது. அதன் மேலேயே அடுத்த எழுத்தை அடித்தால் குறியும் எழுத்தும் ஒன்றாகிவிடும். உகரத்துக்கு மட்டும் இந்த வித்தை சரிவராது. கு, சு, து, மு எல்லாவற்றிலும் உகரம் வேறு வேறு வடிவம் எடுப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேணும். பாமினியில் `f` க, ஷிப்டோடு `F` கு. `k` ம, `K` மு என்று இருப்பது அதன் மிச்சம். கூ, மூ போன்றவை `$`, `%` என்று இலக்க வரிசையில் ஏறிக் கிடப்பதும் அதனால்தான். இந்தக் கதை தெரிந்தால் மனப்பாடம் பாதி குறையும். ஷிப்ட் என்றால் பெரும்பாலும் உகரம் என்று ஒரே வரியில் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒழுங்கை விடாமல் வைத்திருப்பதற்கு நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டு அரசு 1999இல் பழையதைத் தாண்டி, உயிர் இடப்பக்கம் மெய் வலப்பக்கம் என்று புதிதாக அடுக்கிய தமிழ்99ஐத் தன் தரமாக ஏற்றது. நல்ல ஒழுங்கு அது. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். ஆனால் இலங்கையில் அந்த வழி எடுக்கப்படவில்லை. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் `SLS 1326` என்ற தமிழ்த் தரம் 2008இல் வந்தபோது, அதன் விசைப்பலகைக்கு ரெங்கநாதன் தட்டச்சு ஒழுங்கையே அடிப்படையாக எடுத்தார்கள். இயந்திரத்தில் பழகிய விரல்களை வீணாக்காமல் யூனிகோடுக்குக் கொண்டுவருவது அதனால் முடிந்தது. தமிழ்நாட்டு யூடியூப்பைப் பார்த்து "எல்லாரும் தமிழ்99" என்று நினைத்துக்கொண்டு கல்முனையில் ஒரு கடைக் கம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தால், பக்கத்தில் இருப்பவர் அடிப்பது ஒன்றும் விளங்காது.

இதுவரை பழைய ஒழுங்குக்காகப் பேசினோம். இப்போது அதன் பெயரில் நடக்கிற பிழைக்கு வருவோம்.

பாமினி ஒரு எழுத்துரு. கம்பியூட்டருக்குத் தமிழே தெரியாத காலத்தில் ஆங்கில எழுத்துகளின் உருவத்தை மட்டும் தமிழாக மாற்றி வைத்த வேலை அது. நீங்கள் 'கல்முனை' என்று திரையில் பார்க்கும்போது கோப்புக்குள்ளே கிடப்பது `fy;Kid`. அதே கம்பியூட்டரில் பிரின்ட் எடுத்தால் ஒரு குறையும் தெரியாது. அதை வட்ஸ்அப்பில் ஒட்டினால், ஒன்லைன் படிவத்தில் போட்டால், போனில் திறந்தால், அந்த `fy;Kid`தான் வெளியே வரும். தேடினாலும் கிடைக்காது. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுகிற மென்பொருளும் அதைத் தமிழாக வாசிக்காது.

வேடிக்கையான தொல்லையும் உண்டு. வேர்ட் ஒரு வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். `fy;Kid` அப்போது `Fy;Kid` ஆகும். பெரிய எழுத்து என்றால் உகரம். ஆக உங்கள் கடிதம் 'குல்முனை' என்று தொடங்கும். கை பிழை விடவில்லை, வேர்ட் ஆங்கிலத்தைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. புதிதாகப் பழகுகிற பிள்ளை இதைத் தன் பிழை என்று எண்ணி மாறி மாறி அழித்து அழித்து அடிக்கும். ஆட்டோகரெக்ட் பகுதியில் அந்த வசதியை நிறுத்தினால் தீரும், ஆனால் அடுத்த கடையில் அடுத்த கம்பியூட்டரில் திரும்பவும் வரும்.

"மாத்தி எடுக்கக் கன்வேர்ட்டர் இருக்குத்தானே?" இருக்கிறது. தனித் தமிழ்ப் பக்கம் என்றால் ஒழுங்காகவே மாற்றும். நடுவில் ஆங்கிலம் இருந்தால்தான் பிரச்சினை. கன்வேர்ட்டருக்கு எல்லாமே ஆங்கில எழுத்துத்தான், எது உண்மையான ஆங்கிலம் எது வேஷம் போட்ட தமிழ் என்று அதற்குத் தெரியாது. கூட்ட அழைப்பில் `Zoom` என்று ஒரு சொல் இருந்தால் அது 'ணுழழஅ' ஆகிவிடும். பெயர், ஈமெயில் முகவரி, அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்து எல்லாவற்றுக்கும் இதே கதி. திரும்ப ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் திருத்துவதென்றால் புதிதாகவே அடித்திருக்கலாம்.

ஆகவே விசை ஒழுங்கு வேறு, எழுத்து உள்ளே சேமிக்கப்படும் முறை வேறு. பாமினி பழகினவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டதால்தான் "யூனிகோட் எண்டா இங்கிலீசில அடிக்கிறது, நமக்குச் சரிவராது" என்று சொல்கிறார்கள். அப்படி இல்லை. இ-கலப்பை, `NHM Writer` போன்ற இலவச மென்பொருள்களில் பழைய டைப்ரைட்டர் ஒழுங்கும் இருக்கிறது, பாமினி ஒழுங்கும் இருக்கிறது. அதைத் தெரிந்தெடுத்துவிட்டு அதே `f`, `y`, `;` என்று அடித்தால் கோப்புக்குள்ளேயும் 'கல்' என்று தமிழே விழும். விரலுக்கு ஒரு மாற்றமும் இல்லை. டைப்ரைட்டர், பாமினி இரண்டுக்கும் சில விசைகள் வேறுபடும் என்பதால் தொடக்கத்திலேயே ஒன்றைத் தெரிந்தெடுத்து அதிலேயே நிற்பது நல்லம்.

பழைய விரல்கள் யூனிகோடுக்கு வரும்போது ஒரு நோயையும் கூடவே கொண்டுவருகின்றன, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பாமினியில் 'ர்' அடிப்பதற்குப் பலரும் ர விசையை விட்டுவிட்டுக் காலையும் புள்ளியையும் அடிப்பார்கள், `h;` என்று. தாளில் பார்க்க ஒன்றேதான். யூனிகோடில் அப்படி அடித்தால் 'நிர்வாகம்' என்பது 'நிா்வாகம்' ஆகிறது. கிட்டப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது, ஆனால் கம்பியூட்டருக்கு அது வேறு சொல். 'நிர்வாகம்' என்று தேடினால் அது அகப்படாது. செய்தித் தளங்களிலேயே இந்தப் பிழை நிறையக் கிடக்கிறது. கண்டுபிடிக்க வழி இதுதான்: சந்தேகமான எழுத்துக்குப் பின்னால் கேர்சரை வைத்து ஒரு தடவை பேக்ஸ்பேஸ் அடியுங்கள். புள்ளி போய் 'ர' மிஞ்சினால் சரி. வெறும் கால் மிஞ்சினால் பிழை. புதிதாகப் பழகுகிறவருக்கு ஒரு வாய்ப்பு, முதல் நாளில் இருந்தே ரகரத்தை `u;` என்று அடித்துப் பழகினால் இந்த நோய் தொற்றவே தொற்றாது.

இன்னொரு குறை எங்கள் ஊர்களுக்கே உரியது. எங்கள் பெயர்களிலும் மார்க்க விஷயங்களிலும் ஜ, ஸ, ஷ, ஹ வராத பக்கம் இல்லை. பாமினியில் இந்த நாலும் ஓரத்தில் கிடக்கின்றன: ஜ `[`, ஸ `]`, ஷ `\`, ஹ `` ` ``. முதல் மூன்றும் வலக்கைச் சின்ன விரலின் பொறுப்பு. புள்ளியும் இகரக் குறியும் ஏற்கெனவே அந்த விரலில்தான். 'முஸ்லிம்' என்று அடித்துப் பாருங்கள்:

```
K];ypk;
```

எழுத்துத் தட்டு ஏழும் வலக்கையில். அதில் நாலு சின்ன விரலில். இடக்கைக்கு ஷிப்டை அழுத்திப் பிடிக்கிற வேலை மட்டும். சத்த முறையில் இதே சொல் `muSlim`, ஆறே தட்டு, விரல்களுக்கும் பரவலாகப் போகிறது. இந்த இடத்தில் சத்த முறைதான் வெல்கிறது, மறுக்கவில்லை. மௌலூது, ஜனாஸா அறிவித்தல், வக்பு கடிதம் என்று நாள் முழுக்க இப்படிப்பட்ட சொற்களை அடிக்கிறவருக்குச் சின்ன விரல் நோகும். எங்களுக்குச் சரிப்பட்ட வழி, பயிற்சி எடுக்கும்போது 'யளனக' முடிந்த கையோடு நம் சொற்களையே அடித்துப் பழகுவது: ஹாஜியார், ரஹ்மான், ஜும்ஆ, முஸ்லிம். பயிற்சிப் பாடங்களில் இவை வருவது அருமை. கடையில் முதல் நாளே வரும்.

அப்படியானால் சத்த முறை யாருக்கு? போனில் எழுதுகிறவருக்கு, மாதத்துக்கு ஒரு கடிதம் அடிக்கிறவருக்கு, வெளிநாட்டில் எந்தக் கம்பியூட்டரில் இருப்போம் என்று தெரியாதவருக்கு அது போதும். அது எழுதுவது யூனிகோட் என்பதால், பாமினி மட்டும் தெரிந்த வேகமான டைப்பிஸ்ட்டின் கோப்பை விட மெதுவாகச் சத்தத்தில் அடித்த கோப்பு அதிக காலம் வாழும். இதையும் ஒப்புக்கொள்கிறோம். முழுக்கப் பாமினியா, முழுக்கச் சத்த முறையா என்று இரண்டே வழி இருந்திருந்தால் நாங்கள் சத்த முறையைத்தான் சொல்லியிருப்போம். மூன்றாவது வழி இருக்கும்போது ஏன் அதை விட வேணும்?

வகுப்புக்குக் காசு கட்ட முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அங்கே இருக்கிற கம்பியூட்டரில் ஊர்ப் பெயரை அடிக்கச் சொல்லி, அந்த வரியைத் தெரிந்தெடுத்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றச் சொல்லுங்கள். தமிழாகவே நின்றால் அங்கே யூனிகோட் ஓடுகிறது, சேரலாம். `ew;gpl;bKid` என்று மாறினால், "இதே விசையில யூனிகோட் அடிக்கப் பழக்குவீங்களா சேர்?" என்று கேளுங்கள். ஓம் என்றால் சேருங்கள். "அது பிறகு பார்ப்பம்" என்றால் அந்தக் காசை வைத்துக்கொண்டு, வீட்டுக் கம்பியூட்டரில் இ-கலப்பையைப் போட்டு, ஒரு விசைப் படத்தைப் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு நீங்களே தொடங்கலாம்.